ஆறு குர்த்தா, நூறு தாம்பூலப் பை: எதை மாற்றலாம், எதைக் கேன்சல் செய்யலாம்?

கேள்வி: மகனுக்கு இன்னும் 14 நாளில் காதுகுத்து. வீட்டு ஆண்களுக்கெல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று நேற்று இரவு ஒரு ஷாப்பிங் ஆப்பில் மெரூன் குர்த்தா 6 போட்டேன், எல்லாமே M சைஸ். ஒன்று 850 ரூபாய். 5,000-க்கு மேல் வாங்கினால் 500 குறையும் கூப்பனும், கிரெடிட் கார்டுக்கு உடனடி 10% தள்ளுபடியும் போக 4,140 கட்டினேன். இன்று காலை கேட்டால், அந்த ஆறு பேரில் இரண்டு பேருக்கு M பத்தாது, L வேண்டுமாம். மாமனார் பாட்டில் கிரீன்தான் போடுவேன் என்கிறார். புதிதாக இன்னும் இரண்டு பேருக்கு மெரூன் M வேண்டும். ஆப்பில் முகவரி மாற்ற மட்டும்தான் வழி இருக்கிறது. L சைஸில் மூன்றுதான் மீதம் என்று காட்டுகிறது, பச்சை 999 ஆகிவிட்டது. இது போக, ஒரு பிரிண்டிங் கடையில் பெயர் போட்ட மஞ்சள் தாம்பூலப் பை 100 சொல்லியிருக்கிறேன். பை 38 ரூபாய், ஸ்கிரீன் சார்ஜ் 600, அட்வான்ஸ் 2,200 கொடுத்தாயிற்று. அதை 150 ஆக்க வேண்டும், பச்சைப் பையாக மாற்றலாமா என்றும் யோசனை. எல்லாவற்றையும் கேன்சல் செய்துவிட்டு மறுபடி போடட்டுமா?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டாம். குர்த்தாவில் அதிகபட்சம் ஒன்றைக் கேன்சல் செய்தால் போதும். பையில் எதையும் கேன்சல் செய்யாமல் அதே ஆர்டரைத் திருத்தச் சொல்லுங்கள்.

ஒரு தாளை எடுத்து, கடைசியில் கையில் என்ன இருக்க வேண்டும் என்பதை மட்டும் எழுதிப் பாருங்கள். பழைய ஆறு பேரில் M சரியாக இருப்பவர்கள் மூன்று பேர். புதிதாகச் சேர்ந்தவர்கள் இரண்டு பேர், அவர்களுக்கும் மெரூன் M. ஆக மெரூன் M ஐந்து, மெரூன் L இரண்டு, பச்சை ஒன்று, மொத்தம் எட்டு. உங்கள் ஆர்டரில் இப்போது இருப்பது மெரூன் M ஆறு. L கேட்ட இருவருக்காகப் போட்ட இரண்டு M-ம் புதியவர்கள் இருவருக்குப் போய்விடும். மிஞ்சுவது மாமனாருக்காகப் போட்ட ஒன்றுதான். புதிதாக வாங்க வேண்டியது L இரண்டும் பச்சை ஒன்றும். ஆர்டர் போட்ட மறுநாள் ஒவ்வொருவரும் ஒரு மாற்றம் சொல்லும்போது, அதை மாற்றமாகவே மனதில் வைத்துக்கொண்டால் மூன்றைக் கேன்சல் செய்து ஐந்தை வாங்க வேண்டும் என்று தோன்றும். அப்படிச் செய்தால் சலுகை விலையில் கிடைத்த இரண்டு M-ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே இரண்டு M-ஐ முழு விலைக்கு வாங்குவீர்கள்.

ஆப்பில் முகவரியை மாற்ற விடுகிறார்கள், சைஸை மாற்ற விடுவதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. முகவரியும் போன் நம்பரும் பார்சலின் மேல் ஒட்டும் சீட்டைத்தான் பாதிக்கும். சைஸ், நிறம் என்று வந்தால், கடைக்காரர் கணக்கில் மெரூன் M ஒரு சரக்கு, மெரூன் L இன்னொரு சரக்கு, பச்சை மூன்றாவது சரக்கு. ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்டாக் எண், தனி விலை, சில சமயம் தனி குடோன், தனி விற்பனையாளர். நீங்கள் பணம் கட்டியதும் ஒரு குறிப்பிட்ட M உங்கள் பெயருக்கு ஒதுக்கப்படுகிறது. கூப்பனும் வங்கித் தள்ளுபடியும் அந்தப் பொருளின் மேல் பிரித்து ஏற்றப்படுகின்றன, ஜிஎஸ்டி பில்லும் அதற்கே போடப்படுகிறது. M-ஐ L ஆக்க வேண்டுமென்றால் இத்தனையையும் கலைத்து மறுபடி கட்ட வேண்டும். கஸ்டமர் கேரில் எவ்வளவு நேரம் பேசினாலும் கேன்சல் செய்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள் என்றுதான் சொல்வார்கள். அவர்கள் கையில் இருக்கும் திரையிலும் அந்த ஒரு வழிதான் இருக்கும். சைஸ் மாற்றும் பொத்தானே இருக்கும் ஆப் என்றால் தாராளமாகப் பயன்படுத்துங்கள், கடைசியாக உறுதி செய்யும் முன் விலை மாறுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

எண்ணிக்கையைக் கூட்டுவதும் அப்படித்தான். கூடுதல் பணம் வாங்க வேண்டும் என்பதால் அது பொதுவாகப் புது ஆர்டர்தான். அதற்காகப் பழையதைக் கேன்சல் செய்யத் தேவையே இல்லை. குறைப்பதாக இருந்தால், அந்த ஒரு பொருளை மட்டும் திறந்து கேன்சல் செய்யலாம். சில ஆப்களில், ஒரே சைஸில் ஆறு வாங்கியிருந்தால் ஆறும் ஒரே வரியாக நின்று, கேன்சல் கொடுத்தால் ஆறும் போய்விடும். எத்தனை என்று கேட்கும் கட்டம் வருகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த பொத்தானைத் தொடுங்கள்.

இனி பணக் கணக்கு. ஆறு குர்த்தா 5,100. கூப்பன் 500 போனால் 4,600. அதில் 10% போனால் 4,140. அதாவது ஒரு குர்த்தா உங்களுக்கு 690 ரூபாய்க்கு விழுந்திருக்கிறது. ஒன்றைக் கேன்சல் செய்தால் எவ்வளவு திரும்பும் என்பது அந்த ஆப் கூப்பனை எப்படி நடத்துகிறது என்பதைப் பொறுத்தது. தள்ளுபடியைப் பொருள்களுக்குச் சமமாகப் பங்கிட்டு வைத்திருந்தால் 690 திரும்பும். மீதமுள்ள ஆர்டரைப் புதிதாகக் கணக்குப் போடும் ஆப் என்றால் கதை வேறு. ஐந்து குர்த்தா 4,250, அது 5,000-க்குக் கீழே இறங்கிவிட்டதால் கூப்பன் செல்லாது. 10% மட்டும் போக 3,825 உங்கள் கணக்கில் நிற்கும். கட்டியது 4,140, ஆகவே திரும்புவது 315 மட்டுமே. 850 ரூபாய்க் குர்த்தாவைக் கேன்சல் செய்து 315 வாங்குகிறோமே என்று அப்புறம் சண்டை போடுபவர்கள் நிறைய. ஆனால் அந்தத் தொகை முன்பே திரையில் இருந்திருக்கும். கேன்சல் காரணத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு, கடைசி உறுதிப் பொத்தானுக்கு முன்னால், திரும்பக் கிடைக்கும் தொகையைப் பெரும்பாலான ஆப்கள் காட்டும். அந்த இடத்தில் நிறுத்துங்கள். 690 என்றால் கேன்சல் செய்யுங்கள். 315 என்றால் வெளியே வந்துவிடுங்கள். விசேஷ வீட்டில் ஒரு உபரி குர்த்தா 315 ரூபாய்க்குக் கையில் இருப்பது நஷ்டமே இல்லை. பந்தியில் சாம்பார் கொட்டிக்கொள்ள யாராவது ஒருவர் இருப்பார். தொகையே காட்டாத ஆப் என்றால், கஸ்டமர் கேர் சாட்டில் எழுத்தில் கேட்டு, பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே கேன்சல் செய்யுங்கள்.

எல்லாவற்றையும் கேன்சல் செய்து எட்டையும் மொத்தமாகப் போட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடலாம், அதுதானே உங்கள் கேள்வி. ஏழு மெரூன் 5,950, பச்சை 999, மொத்தம் 6,949. கூப்பனும் கார்டு தள்ளுபடியும் இரண்டுமே மறுபடி கிடைத்தால் 5,804 ஆகும். இரண்டும் கிடைக்காவிட்டால் 6,949 முழுதாகக் கட்ட வேண்டும். நான் சொல்லும் வழியில், ஐந்து மெரூன் M 3,450, புதிதாக வாங்கும் மூன்றும் தள்ளுபடியே இல்லாமல் 2,699, ஆக 6,149. மொத்தக் கேன்சலில் லாபம் வந்தால் 345 ரூபாய், நஷ்டம் வந்தால் 800 ரூபாய். ஒருமுறை மட்டும் செல்லும் கூப்பன் கேன்சல் செய்த உடனே திரும்பி வருவதில்லை, பல நேரம் வருவதே இல்லை. கார்டு சலுகையும் விற்பனைக் காலம் முழுவதற்கும் ஒரு கார்டுக்கு ஒருமுறைதான் என்று நிபந்தனையில் இருக்கும்.

ஊகிக்கத் தேவையில்லை, சோதித்தே பார்த்துவிடலாம். பழைய ஆர்டரைத் தொடாமல், எட்டையும் கார்ட்டில் போடுங்கள். கூப்பனை இடுங்கள், பணம் கட்டும் பக்கம் வரை போய் அதே கார்டைத் தேர்ந்தெடுங்கள். கட்ட வேண்டிய தொகை 5,804 என்று வந்தால் இரண்டு சலுகையும் உயிரோடு இருக்கின்றன. அப்போது மட்டும் மொத்தமாக மறுபடி போடுவது புத்திசாலித்தனம். அப்போதும் புதியதை முதலில் போட்டு, அது உறுதியான பிறகு பழையதை முழுவதும் கேன்சல் செய்ய வேண்டும். 10% என்பது உடனே குறையாமல் பிறகு வரவு வைக்கப்படும் கேஷ்பேக் என்றால் இந்தச் சோதனை பயன்படாது. தகுதி உண்டா என்பதை வங்கி பிற்பாடுதான் பார்க்கும் என்பதால், அந்த வகைச் சலுகையை நம்பி நல்ல ஆர்டரைக் கலைக்காதீர்கள்.

புதியது முதலில், கேன்சல் பிறகு. L மூன்றுதான் மீதம் என்ற நிலையில் இந்த வரிசை இன்னும் முக்கியம். கேன்சல் செய்த சரக்கு அந்த நொடியே விற்பனைக்குத் திரும்பும் என்று எண்ண வேண்டாம். பேக் செய்யப் போன துண்டு மறுபடி ரேக்கில் ஏறி, ஸ்டாக்கில் சேர நேரமாகும், சில சமயம் வேறு யாருக்கோ போய்விடும். இதே காரணத்தால், கையில் ஒன்று ஆர்டரில் இருந்து, ஸ்டாக்கில் ஒன்றே ஒன்று காட்டும்போது, இரண்டையும் ஒரே ஆர்டரில் வாங்கலாம் என்று முதலாவதைக் கேன்சல் செய்வது பெரிய தவறு. இருந்ததும் போய்விடும். இந்த வரிசையில் ஒரே ஒரு சிரமம்: சில நாளைக்கு இரண்டு ஆர்டரின் பணமும் வெளியே நிற்கும். நான் சொல்லும் வழியில் கூடுதலாக நிற்பது 2,699 மட்டும். மொத்தமாக மறுபடி போட்டால் 4,140-ம் 5,804-ம் சேர்ந்து கார்டு வரம்பில் ஏறும். இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

L இரண்டையும் போடும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். முதலாவது அளவு. M பத்தாது என்பதால் L சரியாக இருக்கும் என்று அர்த்தமில்லை. அவருக்கு நன்றாகப் பொருந்தும் பழைய குர்த்தா ஒன்றைத் தரையில் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை டேப்பால் அளந்து இரண்டால் பெருக்குங்கள். ஆப்பில் உள்ள அளவுப் பட்டியல் உடம்பின் அளவைச் சொல்கிறதா, துணியின் அளவைச் சொல்கிறதா என்பதையும் கவனியுங்கள். மார்பு 40 அங்குலம் உள்ளவருக்கு வசதியான குர்த்தா, துணி அளவில் 43, 44 அங்குலம் இருக்கும். இதைக் கலந்து படித்துத்தான் பலர் இரண்டாம் முறையும் தவறான சைஸ் வாங்குகிறார்கள். அளந்த எண்ணைப் பட்டியலில் துணி அளவோடு ஒப்பிடுங்கள். ஒருவருக்கு XL என்று வந்தால் இப்போதே தெரிந்துவிடும்.

இரண்டாவது சாயம். உங்களுக்கு வேண்டியது ஒரே மாதிரி மெரூன். ஒரே நிறப் பெயர் இருந்தாலும், வேறு லாட்டில் சாயம் ஏறிய துணி பகல் வெளிச்சத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் வேறுபடும். ஒன்று செங்கல் பக்கம் சாயும், ஒன்று கத்தரிப்பூ பக்கம் சாயும். பழைய ஆர்டரில் விற்பவர் பெயர், Sold by என்ற இடத்தில், என்ன இருக்கிறதோ அதே பெயர் L-க்கும் இருக்கிறதா என்று பாருங்கள். அதே விற்பனையாளர் என்றால் லாட் ஒன்றாகவே இருக்கும் என்ற உறுதி இல்லை, ஆனால் வாய்ப்பு அதிகம். வேறு விற்பனையாளர் என்றால் துணியே வேறாக இருக்கக்கூடும். பச்சைக்கு இந்தக் கவலை இல்லை, அது தனியாகத்தான் நிற்கப்போகிறது. 999 அதிகம் என்று தோன்றினால், பச்சையை ஓரிரு நாள் பொறுத்தும் வாங்கலாம், 14 நாள் இருக்கிறது. L-ஐத் தள்ளிப் போடாதீர்கள்.

இதையெல்லாம் எத்தனை மணிக்குள் செய்ய வேண்டும் என்பது அடுத்த விஷயம். பொருள் அனுப்பப்பட்டதாக எஸ்.எம்.எஸ். வரும் வரை நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையான கெடு அதற்கு முன்பே, லேபிள் அச்சாகும்போதே முடிந்துவிடுகிறது. ஆர்டர் வந்ததும் விற்பவரின் பட்டியலில் ஏறுகிறது. அவர் பில்லையும், கூரியர் எண்ணுடன் கூடிய முகவரி லேபிளையும் அச்சடிக்கிறார். துணியை எடுத்துக் கவரில் போட்டு லேபிளை ஒட்டுகிறார். மதியமோ மாலையோ கூரியர் வண்டி வந்து கட்டுகளை ஸ்கேன் செய்து ஏற்றிக்கொண்டு போகிறது. அந்த ஸ்கேனுக்குப் பிறகுதான் Shipped என்று உங்களுக்கு வருகிறது. லேபிள் ஒட்டிய பிறகு வரும் கேன்சல், குவியலில் இருக்கும் ஒரு கவரை யாராவது தேடி எடுத்தால்தான் பலிக்கும். இரவு போட்ட ஆர்டர் பெரும்பாலும் மறுநாள் காலையில் அச்சாகும். ஆகவே காலை முதல் வேலையாகச் செய்துவிடுங்கள். ஆப்பின் சொந்தக் குடோனிலிருந்து வரும், நாளையே கிடைக்கும் என்று போட்டிருக்கும் பொருளுக்கு இரவு பகல் கிடையாது. ஓரிரு மணி நேரத்திலேயே பேக் ஆகிவிடும்.

கேன்சல் கொடுத்த பிறகு திரையில் என்ன வருகிறது என்பதைப் படியுங்கள். Cancelled என்று வந்தால் முடிந்தது. Cancellation requested என்று வந்தால், நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், அவர்கள் இன்னும் நிறுத்தவில்லை என்று பொருள். அந்தப் பார்சல் உங்கள் வாசலுக்கே வந்து நிற்கக்கூடும். வந்தால் வாங்க வேண்டாம். டெலிவரி செய்பவர் கேட்கும் ஓடிபி-யைச் சொல்ல வேண்டாம். ஓடிபி கொடுத்துவிட்டால் பொருள் சேர்ந்ததாகப் பதிவாகும், அதன் பிறகு ரிட்டர்ன் வழியில்தான் போக முடியும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இரண்டு ஆர்டரின் பார்சல்களும் ஒரே வாரத்தில் வரும், எதை வாங்குவது எதைத் திருப்புவது என்று அவர்களுக்குத் தெரியாது. ஆர்டர் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை ஒரு சீட்டில் எழுதிக் கதவருகே ஒட்டினால் போதும். முன்பணம் கட்டிய பார்சலை இப்படித் திருப்பினால், அது விற்பவர் கைக்குத் திரும்பிச் சேர்ந்த பிறகுதான் பல ஆப்களில் பணம் கிளம்பும். கூடுதலாக ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம்.

உங்கள் ஆர்டர் ஏற்கெனவே Packed நிலைக்குப் போயிருந்தால், மிஞ்சிய ஒரு M-ஐக் கேன்சல் செய்யும் முயற்சியே வேண்டாம். எல்லாம் ஒரே கவரில் இருந்தால் ஒன்றுக்காக மொத்தமும் திரும்பிப் போகும் ஆபத்து உண்டு. ஆறையும் வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு அந்த ஒன்றை மட்டும் ரிட்டர்ன் செய்யுங்கள். அங்கேயும் திரும்பக் கிடைக்கும் தொகை 690-ஆ 315-ஆ என்று பார்த்துத்தான். L வாங்கிய பிறகும் அளவு சரியில்லை என்றால், ரிட்டர்ன் செய்து புதிதாக வாங்காமல் எக்ஸ்சேஞ்ச் கொடுங்கள். அதே பொருளின் வேறு சைஸ் என்றால் பழைய விலையும் தள்ளுபடியும் பொதுவாக அப்படியே நிற்கும். ஒரே ஆபத்து, அந்த சைஸ் அப்போது ஸ்டாக்கில் இருக்க வேண்டும். வந்து சேர நான்கு நாள், எக்ஸ்சேஞ்ச் வர இன்னொரு ஐந்து நாள் என்று வைத்தாலும் உங்கள் 14 நாளுக்குள் அடங்கும், அதற்கு மேல் இன்னொரு முறை மாற்ற இடமில்லை. இப்போதே L வாங்கச் சொல்வதும், பார்சல் வந்த அன்றே எல்லோரையும் போட்டுப் பார்க்கச் சொல்வதும் அதனால்தான்.

ரீஃபண்ட் எங்கே வேண்டும் என்று கேட்டால், பணம் கட்டிய அதே கார்டுக்கு என்று சொல்லுங்கள். ஆப் வாலட்டுக்கு என்றால் உடனே வந்துவிடும், ஆனால் அந்தக் கடையை விட்டு வெளியே வராது. கார்டுக்கு மூன்றிலிருந்து ஏழு வேலை நாள் வரை ஆவது வழக்கம். ரீஃபண்ட் கிளம்பிவிட்டது என்று ஆப் சொல்லி, வங்கியில் வரவில்லை என்றால், ஆப்பிடம் ஏ.ஆர்.என். என்ற எண்ணைக் கேளுங்கள். அதை வைத்துத்தான் வங்கியால் தேட முடியும். அந்த எண் இல்லாமல் வங்கிக்குப் போன் செய்வது வீண். கேன்சலுக்குக் கட்டணம் பிடித்தால் கேள்வி கேளுங்கள். நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள், 2020-இன்படி, தானாக ஆர்டரை ரத்து செய்யும்போது அதே போன்ற கட்டணத்தைத் தானும் ஏற்காத ஆப், உங்களிடம் கேன்சல் கட்டணம் வாங்கக் கூடாது. குறைதீர் அலுவலர் உங்கள் புகாரைப் பெற்றதாக 48 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இனி தாம்பூலப் பை. இங்கே நியாயமே தலைகீழ். பெயர் அச்சிட்ட பொருள் உங்களுக்காக மட்டும் செய்யப்படுவது, கேன்சல் செய்தால் வேறு யாருக்கும் விற்க முடியாது. எதிர்முனையில் இருப்பவர் ஒரு மனிதர், எண்ணிக்கையை அவரால் ஒரு நிமிடத்தில் திருத்த முடியும். ஆனால் அவர் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று தெரிய வேண்டும். வாட்ஸ்அப்பில் எழுதும் முன் போனில் இரண்டே கேள்வி கேளுங்கள்: ஸ்கிரீன் போட்டாச்சா? பிரிண்ட் ஓட ஆரம்பித்தாச்சா?

ஸ்கிரீன் என்பது உங்கள் டிசைன் பதிந்த வலைச் சட்டம். டிசைனில் எத்தனை மை நிறமோ அத்தனை சட்டம். 100 பை அடித்தாலும் 150 அடித்தாலும் அதே சட்டம்தான், 600 ரூபாய் ஒருமுறைதான். பிரிண்ட் ஓடும் முன் சொன்னால் கூடுதல் 50-க்கு 1,900 மட்டும் ஆகும். வேலை முடிந்ததும் பல கடைகளில் சட்டத்தைக் கழுவி அடுத்த வேலைக்கு எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு 50 கேட்டால் மறுபடி 600, ஆக 2,500, அதோடு இன்னொரு பார்சல் செலவு. மையையும் புதிதாகக் கலப்பார்கள், நிறம் முதல் நூறோடு ஒட்டாது. 50 என்ற சின்ன எண்ணிக்கையைத் தனியாக எடுக்க மறுக்கும் கடைகளும் உண்டு. எனவே எண்ணிக்கையை இன்றே கூட்டுங்கள். 150-ஆ 160-ஆ என்று சந்தேகம் இருந்தால் 160 சொல்லுங்கள். பிற்பாடு பத்துப் பை எந்த விலைக்கும் கிடைக்காது.

பச்சைப் பைக்கு மாறுவதை நான் ஆதரிக்கவில்லை. மஞ்சள் துணியில் சிவப்பு மை பளிச்சென்று நிற்கும். அதே சிவப்பை அடர் பச்சையில் அடித்தால் துணியின் நிறம் மைக்குள் ஏறி, எழுத்து பழுப்பாக மங்கிவிடும். பச்சைக்கு வெள்ளையோ பொன்னிறமோ, அதுவும் துணியை மறைக்கும் கெட்டியான மை வேண்டும். சில நேரம் இரண்டு முறை அடிக்க வேண்டியிருக்கும், பைக்கு விலை ஏறும். பெயரின் சிறிய எழுத்துகளும் அடைந்துகொள்ளும். பச்சை கட்டாயம் என்றால் 100 மஞ்சள், 50 பச்சை என்று கேட்டுப் பாருங்கள். ஒரே சட்டத்தில் மையை மட்டும் மாற்றி அடிக்கலாம். அப்போது பச்சையில் ஒரே ஒரு பை அடித்துப் போட்டோ அனுப்பச் சொல்லி, சரி என்று நீங்கள் சொன்ன பிறகே மீதியை ஓட்டச் சொல்லுங்கள்.

பிரிண்ட் ஏற்கெனவே ஓடியிருந்தால் அந்த 100-ஐ அப்படியே வாங்கிக்கொண்டு, சட்டம் கழுவாமல் இருக்கிறதா என்று அதே போனில் கேளுங்கள். இருந்தால் அன்றே 50 சேர்க்கலாம். ஸ்கிரீன் மட்டும் போட்டு பை அடிக்காத நிலையில் ஏதோ காரணத்தால் ரத்து செய்ய நேர்ந்தால், 600-ஐ விட்டுக்கொடுத்து மீதி 1,600-ஐக் கேட்பது நியாயம். அடித்த பிறகு அட்வான்ஸைக் கேட்பது நியாயமில்லை.

போனில் பேசி முடித்ததும் அதையே எழுத்தில் அனுப்புங்கள். வாய்ஸ் மெசேஜ் வேண்டாம். அடிக்கும் தொழிலாளி அதைக் கேட்க மாட்டார், கடைக்காரர் சொல்வதை வைத்துத்தான் அடிப்பார். இப்படி எழுதலாம்:

“அண்ணா, தாம்பூலப் பை ஆர்டரில் எண்ணிக்கை மட்டும் மாற்றம். 100 என்று சொன்னது இனி 150. மஞ்சள் பை, சிவப்பு மை, டிசைன், எழுத்து எதிலும் மாற்றம் இல்லை. 150 பை 5,700, ஸ்கிரீன் 600, மொத்தம் 6,300. கொடுத்தது 2,200, மீதி 4,100. 150-க்கும் பை ஸ்டாக் இருக்கிறதா? இருந்தால் ‘சரி, 150’ என்று பதில் போட்டுவிட்டு அடிக்க ஆரம்பியுங்கள். இல்லை என்றால் அடிக்கும் முன் எனக்குப் போன் செய்யுங்கள்.”

மாறாதது எது என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். மாற்றத்தை மட்டும் எழுதினால், டிசைனும் மாறுகிறதோ என்று வேலையை நிறுத்தி வைப்பார்கள், அல்லது பழைய தாளைப் பார்த்து 100-ஏ அடித்துவிடுவார்கள். ‘சரி, 150’ என்ற பதில் வரும் வரை மாற்றம் நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீல டிக் வந்தது பதில் ஆகாது. மாலைக்குள் வராவிட்டால் மறுபடி கூப்பிடுங்கள். அந்தப் பேச்சிலேயே, அச்சுக்குப் போகும் மாதிரியில் குழந்தையின் பெயரும் தேதியும் சரியாக இருக்கிறதா என்று இன்னொரு முறை அனுப்பச் சொல்லிப் பாருங்கள். எழுத்தில் ஒரு திருத்தம் வந்தால், இப்போதே சொன்னால் கணினியில் போகும், சட்டம் போட்ட பிறகு சொன்னால் 600 ரூபாய்.